சொற்களை எண்ணி ஸ்பேமைப் பிரிக்கும் கணக்கு

ஒரு மின்னஞ்சல் ஸ்பேமா இல்லையா என்று பிரிக்க, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது கணினிக்குப் புரிய வேண்டியதில்லை. அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் இதற்கு முன் வந்த ஸ்பேம்களில் எத்தனை முறை தலைகாட்டியது, நல்ல அஞ்சல்களில் எத்தனை முறை தலைகாட்டியது என்ற எண்ணிக்கை கையில் இருந்தால் போதும். அந்த எண்ணிக்கைகளை நிகழ்தகவுகளாக மாற்றி, ஒன்றோடொன்று பெருக்கி, எந்தப் பக்கம் பெரிதாக வருகிறது என்று பார்ப்பதுதான் 'நைவ் பேயஸ்' எனப்படும் வடிகட்டியின் வேலை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த யாரும் ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடக்கூடிய கணக்கு இது.

பெயரில் உள்ள பேயஸ், 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தாமஸ் பேயஸ் என்ற பாதிரியார். அவர் 1761இல் இறந்தார். அவர் எழுதி வைத்திருந்த நிகழ்தகவுக் கட்டுரையை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் எடுத்து, 1763இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவரச் செய்தார். கண்ணெதிரே தெரியும் விளைவிலிருந்து அதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கணக்கிடும் வழி அதில் இருந்தது. இதைக் கொண்டு ஆவணங்களை அவற்றின் சொற்களால் வகை பிரிக்கலாம் என்று அமெரிக்காவில் எம். ஈ. மேரன் 1961இலேயே காட்டினார். மின்னஞ்சல் ஸ்பேமுக்கு இதே முறையைப் பயன்படுத்தி மெஹ்ரான் சஹாமியும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மூவரும் 1998இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆனால் நிரலர்களிடையே இது பரவியது 2002 ஆகஸ்டில்தான். பால் கிரஹாம் என்ற நிரலர் எழுதிய 'எ பிளான் ஃபார் ஸ்பேம்' என்ற கட்டுரையைப் படித்த பலர் தாங்களே வடிகட்டிகளை எழுதத் தொடங்கினார்கள்.

அதுவரை புழக்கத்தில் இருந்த வடிகட்டிகள் பெரும்பாலும் விதிகளால் ஆனவை. இந்தச் சொல் வந்தால் தள்ளு, தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் தள்ளு என்று ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். ஸ்பேம் அனுப்புகிறவர் சொல்லை மாற்றினால் விதியையும் மாற்ற வேண்டும். விதிகளை மனிதர் எழுதுவதற்குப் பதிலாக, வந்த அஞ்சல்களின் எண்ணிக்கையிலிருந்தே அவை தாமாக உருவாகட்டும் என்பதுதான் பேயஸ் முறை கொண்டுவந்த மாற்றம்.

எண்ணிக்கைப் பட்டியல்

ஒரு சிறிய எடுத்துக்காட்டோடு கணக்கைத் தொடரலாம். ஒருவருடைய பெட்டியில் 100 பழைய அஞ்சல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவரே படித்துப் பார்த்து 40 அஞ்சல்களை ஸ்பேம் என்றும் 60 அஞ்சல்களை நல்லவை என்றும் பிரித்திருக்கிறார். நிரல் இந்த இரு குவியல்களிலும் உள்ள சொற்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு சொல்லும் எத்தனை அஞ்சல்களில் வருகிறது என்று எண்ணுகிறது. மூன்று சொற்களுக்கான எண்ணிக்கை இது:

| சொல் | 40 ஸ்பேம்களில் | 60 நல்ல அஞ்சல்களில் |
|---|---|---|
| இலவசம் | 20 | 3 |
| பரிசு | 16 | 3 |
| கூட்டம் | 2 | 18 |

ஸ்பேமை எடுத்துக்கொண்டால் அதில் 'இலவசம்' இருப்பதற்கான நிகழ்தகவு 20/40, அதாவது 0.5. நல்ல அஞ்சலில் அது 3/60, அதாவது 0.05. 'பரிசு' என்ற சொல்லுக்கு இவை முறையே 0.4, 0.05. 'கூட்டம்' என்ற சொல்லுக்கு 0.05, 0.3. வடிகட்டியின் 'பயிற்சி' என்று சொல்லப்படுவது இந்தப் பட்டியலைத் தயாரிப்பதுதான். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

கேள்வியைத் திருப்பிப் போடுதல்

பட்டியல் சொல்வது ஒன்று, தேவைப்படுவது வேறொன்று. ஸ்பேமாக இருந்தால் 'இலவசம்' வர எவ்வளவு வாய்ப்பு என்று பட்டியல் சொல்கிறது. புதிய அஞ்சல் வரும்போது, 'இலவசம்' வந்திருப்பதால் அது ஸ்பேமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்றுதான் தெரிய வேண்டும். இந்தத் திருப்பத்தைச் செய்து தருவது பேயஸ் தேற்றம்.

அதன் வழி நேரானது. அஞ்சலைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே அது ஸ்பேமாக இருக்க 0.4 வாய்ப்பு உண்டு, ஏனென்றால் 100இல் 40 ஸ்பேம். இதை 'இலவசம்' என்ற சொல்லுக்கான 0.5ஆல் பெருக்கினால் 0.2. நல்ல அஞ்சலின் பக்கம் 0.6ஐ 0.05ஆல் பெருக்கினால் 0.03. இரண்டும் சேர்ந்து 0.23. அதில் ஸ்பேமின் பங்கு 0.2. வகுத்தால் 0.87, அதாவது 87 விழுக்காடு. பட்டியலை நேராகப் பார்த்தாலும் இதே விடை கிடைக்கும்: 'இலவசம்' உள்ள அஞ்சல்கள் மொத்தம் 23, அவற்றில் ஸ்பேம் 20.

முதலில் பெருக்கிய 0.4க்கும் 0.6க்கும் முன் நிகழ்தகவு என்று பெயர். இதை மறந்துவிட்டால் விடை அடியோடு மாறிவிடும். வேறொருவருக்கு 100 அஞ்சல்களில் 4 மட்டுமே ஸ்பேம் என்று வைத்துக்கொள்வோம். சொல்லின் நிகழ்தகவுகள் அதேதான். இப்போது ஸ்பேம் பக்கம் 0.04 × 0.5 = 0.02. நல்ல பக்கம் 0.96 × 0.05 = 0.048. ஸ்பேமாக இருக்கும் வாய்ப்பு 29 விழுக்காடுதான். சொல் ஒன்றே, பெட்டி வேறு, முடிவும் வேறு.

சார்பின்மை என்ற அனுமானம்

அஞ்சலில் ஒரு சொல் மட்டும் இருப்பதில்லை. 'இலவசம்', 'பரிசு' இரண்டும் ஒன்றாக வரும் வாய்ப்பை எப்படிக் கணக்கிடுவது? சரியாகச் செய்வதென்றால் இரண்டும் சேர்ந்து வந்த அஞ்சல்களைத் தனியாக எண்ண வேண்டும். மூன்று சொற்கள் என்றால் மூன்றும் சேர்ந்தவற்றை எண்ண வேண்டும். 20 சொற்கள் மட்டுமே உள்ள ஒரு சிறிய அகராதியில்கூட, ஒவ்வொரு சொல்லும் இருக்கிறது அல்லது இல்லை என்று பார்த்தால் 10,48,576 சேர்க்கைகள் உண்டு. 100 அஞ்சல்களை வைத்துக்கொண்டு இத்தனை கட்டங்களை நிரப்ப முடியாது. ஏறத்தாழ எல்லாக் கட்டங்களும் காலியாகவே கிடக்கும்.

இங்கே ஓர் அனுமானம் உள்ளே வருகிறது. ஸ்பேமுக்குள் ஒரு சொல் வருவது மற்றொரு சொல் வருவதைச் சார்ந்ததில்லை, நல்ல அஞ்சலுக்குள்ளும் அப்படியே என்று வைத்துக்கொள்வது. அப்படி வைத்துக்கொண்டால் தனித்தனி நிகழ்தகவுகளைப் பெருக்கினால் போதும். 20 சொற்களுக்குப் பத்து லட்சம் சேர்க்கைகள் வேண்டாம், பக்கத்துக்கு 20 எண்கள் போதும். பெயரில் 'நைவ்', அதாவது வெகுளி, என்ற அடைமொழி வந்தது இதனால்தான்.

'இலவசம்', 'பரிசு' இரண்டும் உள்ள அஞ்சலுக்கு ஸ்பேம் பக்கம் 0.4 × 0.5 × 0.4 = 0.08. நல்ல பக்கம் 0.6 × 0.05 × 0.05 = 0.0015. ஸ்பேமாக இருக்கும் வாய்ப்பு 98.2 விழுக்காடு. அதே அஞ்சலில் 'கூட்டம்' என்ற சொல்லும் இருந்தால் ஸ்பேம் பக்கத்தை 0.05ஆலும் நல்ல பக்கத்தை 0.3ஆலும் பெருக்க வேண்டும். விடை 89.9 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு வரும் குழந்தைகளுக்கு இலவசமாகப் பரிசு தரப்படும் என்ற அறிவிப்பு இப்படித்தான் ஸ்பேம் எண்ணிலிருந்து கொஞ்சம் விலகி வருகிறது. அஞ்சலில் வராத சொற்களையும் கணக்கில் சேர்க்கும் வடிவங்கள் உண்டு. பல வடிகட்டிகள் அதை விட்டுவிட்டு, வந்திருக்கும் சொற்களை மட்டும் பார்க்கின்றன.

அனுமானம் உண்மையா என்றால், இல்லை. சொற்கள் கூட்டம் கூட்டமாகத்தான் வரும். 'பரிசு' வரும் இடத்தில் 'குலுக்கல்' வரும். அந்த 100 அஞ்சல்களில் 'பரிசு' உள்ள ஒவ்வொன்றிலும் 'குலுக்கல்' உண்டு, வேறெதிலும் இல்லை என்று வைத்துப் பார்த்தால் தவறு எங்கே புகுகிறது என்பது தெரியும். 'பரிசு' இருப்பது தெரிந்தபின் 'குலுக்கல்' இருக்கிறது என்பது புதிய செய்தியே அல்ல. ஆனால் வடிகட்டி அதையும் தனிச் சான்றாக எடுத்து மறுபடி பெருக்குகிறது. ஸ்பேம் பக்கம் 0.032, நல்ல பக்கம் 0.000075. விடை 98.2இலிருந்து 99.8 விழுக்காடாக ஏறுகிறது. ஒரே சாட்சி இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, எண் தவறினாலும் முடிவு தவறவில்லை என்பது. 98.2 ஆனாலும் 99.8 ஆனாலும் அஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குத்தான் போகும். இரட்டிப்பாக எண்ணுவது பெரும்பாலும் ஏற்கெனவே சாய்ந்திருக்கும் பக்கத்துக்கே இன்னும் சாய்க்கிறது. எது பெரிது என்ற கேள்விக்கு மட்டும் விடை சரியாக இருந்தால் பிரிப்பதற்குப் போதும், நிகழ்தகவு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை என்று பெட்ரோ டொமிங்கோஸும் மைக்கேல் பஸானியும் 1997இல் விரிவாக விளக்கினார்கள். இதன் மறுபக்கமும் உண்டு. நைவ் பேயஸ் தரும் 99.99 விழுக்காடு என்பதை, அப்படிச் சொல்லப்பட்ட 10,000 அஞ்சல்களில் ஒன்றுதான் தவறாகும் என்று படிக்கக் கூடாது. இந்த வடிகட்டி எப்போதும் அளவுக்கு மீறிய உறுதியோடுதான் பேசும். நீளமான அஞ்சல்களில் விடை ஏறத்தாழ 0 அல்லது ஏறத்தாழ 1 என்றே வருவதற்கும், இடைப்பட்ட எண்கள் அரிதாக இருப்பதற்கும் காரணம் இதுதான்.

பூஜ்யம் தரும் தொல்லை

பெருக்கலில் ஒரு பூஜ்யம் நுழைந்தால் மற்ற எல்லாம் வீண். 'அழைப்பிதழ்' என்ற சொல் நல்ல அஞ்சல்களில் 2 முறை வந்திருக்கிறது, ஸ்பேமில் ஒரு முறைகூட வரவில்லை என்றால், ஸ்பேம் பக்கம் அதன் நிகழ்தகவு 0/40. 'இலவசம்', 'பரிசு' இரண்டோடும் இந்த ஒரு சொல் சேர்ந்துவிட்டால் ஸ்பேம் பக்கம் முழுவதும் பூஜ்யமாகி, அஞ்சல் நூறு விழுக்காடு நல்லது என்று முடிவு வரும். 40 அஞ்சல்களில் வரவில்லை என்பது எப்போதுமே வராது என்பதற்குச் சான்றாகாது.

இதற்கான மருந்து பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸின் பெயரால் வழங்கும் எளிய திருத்தம். ஒவ்வொரு எண்ணிக்கையோடும் 1 கூட்ட வேண்டும், வகுக்கும் எண்ணோடு 2 கூட்ட வேண்டும். 'அழைப்பிதழ்' ஸ்பேம் பக்கம் 1/42 ஆகும், நல்ல பக்கம் 3/62 ஆகும். 'இலவசம்' 21/42, 4/62. 'பரிசு' 17/42, 4/62. இவற்றைக் கொண்டு மறுபடி பெருக்கினால் அந்த அஞ்சல் ஸ்பேமாக இருக்கும் வாய்ப்பு 94 விழுக்காடு என்று வருகிறது. அதிகம் பார்த்திராத சொல்லின் குரல் அடங்கி, பலமுறை பார்த்த சொற்களின் குரல் மேலே வருகிறது.

இன்னொரு தொல்லை கணினியின் பக்கத்திலிருந்து வருவது. ஓர் அஞ்சலில் 200 சொற்கள், ஒவ்வொன்றின் நிகழ்தகவும் 0.01 என்றால் பெருக்கல் விடையில் தசமப் புள்ளிக்குப் பின் 399 பூஜ்யங்கள் வரும். வழக்கமான தசம எண் வடிவத்தில் கணினி இவ்வளவு சிறிய எண்ணை வைத்துக்கொள்ள முடியாமல் அதைப் பூஜ்யமாக்கிவிடும். இரு பக்கமும் பூஜ்யமானால் ஒப்பிட ஒன்றுமில்லை. அதனால் நிரலர்கள் நிகழ்தகவுகளைப் பெருக்காமல் அவற்றின் மடக்கைகளைக் கூட்டுகிறார்கள். விடை அதேதான், எண்கள் கைக்கு அடங்கும்.

கோட்டை எங்கே போடுவது

ஸ்பேம் ஒன்று தப்பி உள்ளே வந்தால் படிப்பவர் அதை நீக்கிவிட்டுப் போவார். வேலைக்கான நியமன அஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குள் போனால் இழப்பு பெரிது. இந்த இரண்டு தவறுகளும் சம எடை உள்ளவை அல்ல. அதனால் 50 விழுக்காட்டைத் தாண்டியதும் ஸ்பேம் என்று சொல்லாமல் கோட்டை உயரத்தில் போடுகிறார்கள். கிரஹாம் தம் வடிகட்டியில் கோட்டை 0.9இல் போட்டார். அந்தக் கோட்டின்படி மேலே கண்ட 89.9 விழுக்காட்டு அஞ்சல் நல்ல பெட்டியிலேயே தங்கும். அவர் இன்னும் ஒரு படி மேலே போய், நல்ல அஞ்சல்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி எண்ணினார். அஞ்சலின் எல்லாச் சொற்களையும் எடுக்காமல், நடுநிலையிலிருந்து அதிகம் விலகி நிற்கும் 15 சொற்களை மட்டும் பெருக்கினார். பக்கத்துக்கு ஏறத்தாழ 4,000 அஞ்சல்களில் பயிற்றப்பட்ட அந்த வடிகட்டி 1,000 ஸ்பேம்களில் ஐந்துக்கும் குறைவானவற்றையே தவறவிட்டதாகவும், ஒரு நல்ல அஞ்சலையும் தள்ளவில்லை என்றும் எழுதினார். அவருடைய பெட்டியில் கிடைத்த விடை அது.

எண்ணிக்கை கண்டுபிடிப்பவை சில நேரம் மனிதர் யோசித்திராதவையாக இருக்கும். கிரஹாமின் பட்டியலில் `ff0000` என்ற குறி ஆபாசச் சொற்களுக்குச் சமமான ஸ்பேம் அடையாளமாக நின்றது. வலைப்பக்க மொழியில் அது பளிச்சென்ற சிவப்பு நிறத்தின் குறியீடு. விதி எழுதும் ஒருவருக்கு இது தோன்றியிருக்க வாய்ப்பு குறைவு.

ஏமாற்றும் வழிகள்

ஸ்பேம் அனுப்புகிறவர்களும் இந்தக் கணக்கைப் படித்தவர்கள்தான். அவர்கள் முதலில் செய்தது சொற்களைச் சிதைத்து எழுதுவது: எழுத்துக்கு நடுவே புள்ளி வைப்பது, ஓர் எழுத்துக்குப் பதிலாக எண்ணைப் போடுவது. இது விதி வடிகட்டியை ஏமாற்றும். பேயஸ் வடிகட்டியிடம் முதல் சில நாட்கள்தான் செல்லும். சிதைத்த சொல் நல்ல அஞ்சலில் ஒருபோதும் வராது என்பதால், ஒருமுறை பயிற்சியில் சேர்ந்துவிட்டால் அசல் சொல்லைவிட அது வலுவான ஸ்பேம் அடையாளமாகிவிடும்.

அடுத்த வழி, அஞ்சலின் அடியில் சாதாரணச் சொற்களைக் கொட்டி நல்ல பக்கத்தின் எடையைக் கூட்டுவது. இதன் வலிமை, அனுப்புகிறவருக்குப் பெறுகிறவரின் சொற்கள் எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தது. ஹியூலெட்-பேக்கார்ட் ஆய்வுக்கூடத்தில் தொகுக்கப்பட்டு, இன்றும் மாணவர்கள் பயிற்சிக்கு எடுக்கும் 'ஸ்பேம்பேஸ்' என்ற தரவுத் தொகுப்பில் 4,601 அஞ்சல்கள் உள்ளன, அவற்றில் 1,813 ஸ்பேம். அதில் நல்ல அஞ்சலைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களில் இரண்டு 'ஜார்ஜ்' என்ற பெயரும் 650 என்ற எண்ணும். முதலாவது அஞ்சல்களைத் தந்தவரின் பெயர், இரண்டாவது அவர் இருந்த கலிஃபோர்னியப் பகுதியின் தொலைபேசிக் குறியீடு. அகராதியிலிருந்து அள்ளிக் கொட்டும் சொற்களில் இப்படிப்பட்டவை அகப்படா. பெட்டிக்குப் பெட்டி தனியாகப் பயிற்றப்படும் வடிகட்டியை ஏமாற்றுவது கடினம், எல்லோருக்கும் பொதுவான வடிகட்டியை ஏமாற்றுவது எளிது என்பதற்கு இதுவே காரணம். அதே காரணத்தால், ஒருவருடைய பட்டியலை இன்னொருவருக்குக் கொடுத்தால் அது சரியாக வேலை செய்யாது.

செய்தியைப் படமாக அனுப்புவது மூன்றாவது வழி. எண்ணுவதற்குச் சொல்லே இல்லாதபோது சொல் எண்ணும் வடிகட்டி கையைப் பிசையும். அனுப்பிய கணினியின் முகவரி, தலைப்புப் பகுதியின் விவரங்கள் போன்றவைதான் அப்போது மிஞ்சும்.

தமிழ் அஞ்சல்களில்

தமிழில் இந்த வடிகட்டியைப் பயிற்றும்போது சொல் எது என்று தீர்மானிக்கும் முதல் படியிலேயே சிக்கல் வரும். பைதான் மொழியின் `scikit-learn` தொகுப்பில் சொற்களைப் பிரிக்கும் `CountVectorizer`, வேறொன்றும் சொல்லாவிட்டால் இந்த வடிவத்தைப் பயன்படுத்துகிறது:

```
(?u)\b\w\w+\b
```

இதில் `\w` என்பது எழுத்தையும் எண்ணையும் ஏற்கும், தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் ஏற்காது. அவை வரும் இடத்தில் சொல் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். அதனால் 'பரிசு' என்ற சொல் 'பர' என்று பட்டியலில் ஏறும், 'கூட்டம்' என்பது 'டம' ஆகிவிடும். 'பருப்பு' என்ற சொல்லிலும் முதலில் கிடைப்பது அதே 'பர'தான். பிழைச் செய்தி எதுவும் வராது, வடிகட்டி ஓடும், முடிவுகள் மட்டும் மட்டமாக இருக்கும். பயிற்சிக்குப் பின் சொற்பட்டியலை அச்சிட்டுப் பார்ப்பதுதான் இதைக் கண்டுபிடிக்கும் வழி. இடைவெளியையும் நிறுத்தக்குறிகளையும் மட்டும் எல்லையாகக் கொண்டு பிரித்தால் இந்தக் கோளாறு நீங்கும்.

அதன் பிறகும் ஒன்று எஞ்சும். பரிசு, பரிசை, பரிசுக்கு, பரிசாக ஆகிய நான்கும் வடிகட்டிக்கு நான்கு வேறு சொற்கள். 16 முறை வந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக, நான்கைந்து முறை வந்த நான்கு சொற்கள் கிடைக்கும். எண்ணிக்கை சிதறினால் ஒவ்வொன்றின் நம்பகமும் குறையும். வேற்றுமை உருபுகளை வெட்டி வேர்ச்சொல்லை எடுப்பது ஒரு வழி. முழுச் சொல்லுக்குப் பதிலாக மூன்று நான்கு எழுத்துத் துண்டுகளை எண்ணுவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் துண்டுகள் ஒன்றையொன்று அதிகம் சார்ந்திருக்கும், ஆகவே வடிகட்டியின் மிகை உறுதி இன்னும் கூடும்.

சோதித்துப் பார்த்தல்

வடிகட்டி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதைப் பயிற்சிக்குப் பயன்படுத்திய அஞ்சல்களைக் கொண்டே அளந்தால் விடை பொய்யாக உயரும். அந்தச் சொற்கள் ஏற்கெனவே பட்டியலில் இருக்கின்றன. பிரித்த அஞ்சல்களில் ஒரு பகுதியைத் தொடாமல் ஒதுக்கி வைத்து, அதில் சோதிக்க வேண்டும். ஒதுக்கியவை பயிற்சி அஞ்சல்களுக்குப் பின் வந்தவையாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் வடிகட்டி சந்திக்கப்போவது எதிர்கால அஞ்சல்களை.

அளவையும் ஒரே எண்ணாகச் சொல்லக் கூடாது. 100இல் 90 நல்ல அஞ்சல் வரும் பெட்டியில், எல்லாமே நல்லவை என்று சொல்லும் நிரலும் 90 விழுக்காடு சரி. தப்பிய ஸ்பேம் எத்தனை, தவறாகத் தள்ளப்பட்ட நல்ல அஞ்சல் எத்தனை என்று இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும். இரண்டாவது எண் கூடினால் கோட்டை உயர்த்த வேண்டும். முதலாவது மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால் ஸ்பேமின் சொற்கள் மாறிவிட்டன என்று பொருள், புதிய அஞ்சல்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தண்டர்பேர்டு போன்ற அஞ்சல் மென்பொருளில் பயனர் ஓர் அஞ்சலை வேண்டாதது என்று குறிக்கும்போது நடப்பது இந்தச் சேர்ப்புதான். ஸ்பேம்அசாசின் போன்ற வடிகட்டிகளில் பேயஸ் கணக்கின் விடை இறுதித் தீர்ப்பாக இல்லாமல், அனுப்பியவரின் முகவரி முதலிய பல சோதனைகளுக்கு நடுவே ஒரு மதிப்பெண்ணாகச் சேர்கிறது. படமாக வரும் ஸ்பேமும் முன்பின் பார்த்திராத சொற்களும் அந்த மற்றச் சோதனைகளிடம்தான் சிக்க வேண்டும்.